ஆகஸ்ட் 18-ல் சேர வேண்டும், இங்கே 30 வரை விடமாட்டார்கள்: இரண்டு வாரம் தள்ளிக் கேட்கலாமா?

பெருங்குடிப் பையன்
ஐடி வேலை, நான்கு வருடம் ஆகிறது, 90 நாள் நோட்டீஸ். ஜூன் 2-ல் பேப்பர் போட்டேன். "ஆகஸ்ட் 15-க்குள் விட்டுடறேன்" என்று மேனேஜர் வாயால் சொன்னதை நம்பி, புது இடத்தில் 18-ந் தேதி திங்கட்கிழமை சேர்வதாக ஒப்புக்கொண்டேன். இப்போது ப்ராஜெக்ட் ரிலீஸ் தள்ளிப்போய்விட்டது, 30 வரை இருந்தே ஆகணும் என்கிறார். புது கம்பெனியிடம் செப்டம்பர் 1 கேட்டால் ஆஃபரையே தூக்கிவிடுவார்களா? இன்று ஜூலை 21.

தரமணி ராஜா
கேட்கவே கேட்காதே தம்பி. என் ரூம்மேட் இதே மாதிரி இரண்டு வாரம் கேட்டான், "செக் பண்ணிச் சொல்றோம்" என்றார்கள், அதற்கப்புறம் அந்த ரெக்ரூட்டர் போனையே எடுக்கவில்லை, நாலாவது நாள் ஆஃபர் ரத்து என்று மெயில் வந்தது. 16-லிருந்து 30 வரை 15 நாள்தானே குறைகிறது, அந்தப் பணத்தைக் கட்டிவிட்டுக் கிளம்பு. வேலை கையில் இருக்கும்.

மாலதி (பழைய ஹெச்ஆர்)
ஒன்பது வருடம் ஆள் எடுக்கும் பக்கம் இருந்தவள் சொல்கிறேன், ராஜா சொன்னது நடக்கும், ஆனால் அதற்குக் காரணம் இரண்டு வாரம் இல்லை. யாராவது தேதியைத் தள்ளிக் கேட்டால் எங்கள் மனதில் வரும் முதல் எண்ணம், "இவன் கையில் இன்னொரு ஆஃபர் இருக்கு, அதைக் காட்டி விலை பேசுறான்" என்பதுதான். 90 நாள் நோட்டீஸ் உள்ள ஊரில் ஆஃபர் வாங்கிக்கொண்டு கடைசி வாரத்தில் காணாமல் போகிறவர்களை அவ்வளவு பார்த்திருக்கிறோம். அதனால் தேதி கேட்கிறவன் பொய் சொல்கிறானா இல்லையா என்பதுதான் எங்கள் கேள்வி. அதற்குப் பதில் உங்கள் ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மெயில், அதில் கடைசி வேலை நாள் ஆகஸ்ட் 30 என்று போட்டிருக்கும். அதை அப்படியே இணைத்து அனுப்புங்கள். போனில் மட்டும் சொன்னால் சந்தேகம் சந்தேகமாகவே இருக்கும்.

அப்புறம் முக்கியமான விஷயம், எந்த இடத்துக்காக உங்களை எடுத்தார்கள் என்பது. கிளையன்ட் ஒரு குறிப்பிட்ட நாளில் ஆள் வேண்டும் என்று கேட்ட இடம் என்றால் 18-லிருந்தே பில் போகும், ஆள் இல்லையென்றால் கம்பெனிக்கு நஷ்டம், அங்கே இரண்டு வாரம்கூட கனம்தான். பொதுவாக டீமைப் பெருக்க எடுத்தது என்றால் ஒரு திங்கட்கிழமை பேட்ச் போனால் அடுத்த திங்கட்கிழமை பேட்ச். இன்டர்வியூவில் உங்களிடம் "எப்போ வருவீங்க" என்று ஹெச்ஆர் மட்டும் கேட்டார்களா, டெக்னிக்கல் ரவுண்டு எடுத்த மேனேஜரும் கேட்டாரா? மேனேஜரே தேதியில் குறியாக இருந்தார் என்றால் அவரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

துபாய் கணேசன்
நோட்டீஸை எதற்குத் தம்பி நீட்டிக் கேட்கிறாய்? விட்டால் போதும் என்று ஓட வேண்டியதுதானே! நான் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தேன், விசா வேலை முடியவே ஆறு வாரம் ஆனது, புது முதலாளி காத்துத்தான் இருந்தார்.

பெருங்குடிப் பையன்
அண்ணே, நீட்டச் சொல்வது நான் இல்லை, பழைய இடம். நான் கேட்கப்போவது புது இடத்திடம். மாலதி மேடம், இரண்டு பேருமே கேட்டார்கள், மேனேஜர்தான் அழுத்திக் கேட்டார்.

சட்டம் பேசுகிறவன்
யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது, அப்படி உத்தரவு எந்த நீதிமன்றமும் போடாது. 15-ந் தேதியோடு வெளியே வந்துவிடுங்கள், என்ன செய்துவிடுவார்கள்?

மாலதி (பழைய ஹெச்ஆர்)
பாதி சரி சார். வேலை செய்யச் சொல்லி உத்தரவு வராதுதான். ஆனால் ரிலீவிங் லெட்டரை நிறுத்தி வைப்பார்கள், குறைந்த நாளுக்குக் கடைசி கணக்கில் பிடிப்பார்கள், அந்த லெட்டரைப் புது இடம் கேட்கும். ஓடிவந்தவனுக்குச் சட்டம் துணை நிற்கலாம், பின்னணி சரிபார்ப்பில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது கணக்கில்லை. இன்னொன்று, இங்கே பெயர் 30 வரை இருக்க, அங்கே 18-ல் சேர்ந்தால் பிஎஃப் சர்வீஸ் வரலாற்றில் இரண்டு கம்பெனியும் ஒரே நாட்களில் தெரியும். அதை யாராவது இரட்டை வேலை என்று கேட்டால் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

தரமணி ராஜா
அதனால்தான் முறையாகப் பணம் கட்டி பை-அவுட் செய் என்கிறேன், ஓடச் சொல்லவில்லையே.

மாலதி (பழைய ஹெச்ஆர்)
பை-அவுட் உரிமையா, தயவா என்று அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் பாருங்கள். "கம்பெனியின் விருப்பப்படி" என்று ஒரு வரி இருந்தால் மேனேஜர் கையெழுத்து இல்லாமல் நடக்காது, ரிலீஸைச் சொல்லி மறுக்கிறவர் அதில் மட்டும் கையெழுத்துப் போடுவாரா? பணமும் எதன் மேல் என்று பார்க்கணும். சம்பளம் 80,000, பேசிக் 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், 15 நாளுக்கு பேசிக்கில் கணக்கிட்டால் 20,000, மொத்தத்தில் என்றால் 40,000. இரண்டு விதமாகவும் பிடிக்கிற இடங்கள் இருக்கின்றன.

பெருங்குடிப் பையன்
பார்த்தேன், "விருப்பப்படி" வரி இருக்கிறது. கணக்கு மொத்த சம்பளத்தில். மீதி லீவு 11 நாள் இருக்கிறது, அதைக் கழிக்கச் சொல்லலாமா?

கோவை செந்தில்
நான் அப்படிக் கேட்டு வாங்கினேன், ஆனால் எல்லா இடத்திலும் ஒத்துக்கொள்வதில்லை, சில இடங்களில் நோட்டீஸில் லீவு எடுத்தால் அத்தனை நாளும் கடைசி நாளைத் தள்ளிவிடுவார்கள். நீங்கள் நேரே புது இடத்தில் கேளுங்கள். மெயிலை நீட்ட வேண்டாம்: ஆகஸ்ட் 15 என்று எதிர்பார்த்தேன், மாறிவிட்டது, கடைசி நாள் 30, ஆதாரம் இணைத்திருக்கிறேன், செப்டம்பர் 1 திங்கள் சேர்கிறேன். மேனேஜர் மோசம், ப்ராஜெக்ட் கஷ்டம் என்று புலம்பாதீர்கள். ஒரே முறை கேளுங்கள். 25 என்று கேட்டுவிட்டு அப்புறம் செப்டம்பர் 1 என்றால் நானே நம்பமாட்டேன்.

மாலதி (பழைய ஹெச்ஆர்)
இன்றைக்கே அனுப்புங்கள். இப்போது கேட்டால் நான்கு வாரம் முன்னால் கேட்டதாகிறது, 14-ந் தேதி கேட்டால் அதே இரண்டு வாரம் துரோகமாகத் தெரியும், லேப்டாப் எல்லாம் தயாராகிவிட்டிருக்கும். அவர்கள் சரி என்றால் திருத்திய ஆஃபர் லெட்டரோ, புதுத் தேதி போட்ட மெயிலோ வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் லெட்டரில் "இந்தத் தேதிக்குள் சேராவிட்டால் ஆஃபர் செல்லாது" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்.

பெருங்குடிப் பையன்
அனுப்பினேன், புது இடத்து மேனேஜரிடமும் போனில் பேசினேன். அவர் "எனக்கு ஓகே, ஆனா 25-க்கே வந்தா நல்லா இருக்கும்" என்றார். ஹெச்ஆர் இன்னும் எழுத்தில் தரவில்லை.

தரமணி ராஜா
பார்த்தாயா, 25 என்று ஆரம்பித்துவிட்டார்கள். 11 நாள் லீவையும் கொஞ்சம் பணத்தையும் வைத்து இங்கே ஒரு முறை பேசிப் பார், கெட்டுப்போகாது.

மாலதி (பழைய ஹெச்ஆர்)
பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே எழுத்தில் கொடுக்கும்வரை அங்கே 25 என்று வாயைத் திறக்காதீர்கள். ஒரு வாய்வார்த்தையை நம்பித்தானே இந்த வினை வந்தது.