5 வயது மகளின் தலைவலி: வலியை அளக்கும் முகப் படத்தை மாற்றலாமா?

மண்டபம் ஊரில் இருக்கிறோம். இரண்டு மாதமாக மகளுக்கு அடிக்கடி தலைவலி. டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு மாதம் நோட்டில் எழுதி வரச் சொன்னார். தொடங்கிய நேரம், வாந்தி, மருந்து, தூங்கி எழுந்தபின் எப்படி என்று எழுதுகிறேன். வலியின் அளவில்தான் சிக்கல்.

எவ்வளவு வலி என்று தொட்டுச் சொல்ல, சிரிப்பில் தொடங்கிக் கண்ணீரில் முடியும் ஆறு முகங்கள் உள்ள படத்தைக் காட்டினேன். சுருண்டு படுத்திருந்தவள் மூன்றாவதைத் தொட்டு, “நான் அழலையேம்மா” என்றாள். கண்ணீர் வந்தால்தான் கடைசி முகம் என்று நினைக்கிறாள்.

அப்புறம் வரையச் சொன்னேன். நெற்றியில் சுத்தியல், கறுப்பாகத் தீட்டிய ஜன்னல். வெளிச்சம் கூசுவது அன்றுதான் புரிந்தது. தேதி போட்டு நோட்டில் ஒட்டியிருக்கிறேன்.

சிரிப்பும் கண்ணீரும் இல்லாமல், 0 முதல் 10 வரை இரண்டிரண்டாக ஏறும் முகப் படமும் இருக்கிறது. 12 நாள் எழுதிய பிறகு அதற்கு மாறினால் பழைய குறிப்போடு சேர்த்துப் பார்க்கலாமா, புதிதாகத் தொடங்க வேண்டுமா?