வீட்டுப் படங்களை மைக்கோட்டு ஓவியமாக்க: செக்பாயிண்டா, லோராவா, எடிட் மாடலா?

தாழ்வாரம்:
எங்கள் தெருவின் பழைய ஓட்டு வீடுகளைப் பற்றிச் சிறு நூல் ஒன்று போடுகிறோம். கைபேசியில் எடுத்த 60 படங்கள் இருக்கின்றன. அத்தனையும் ஒரே கை வரைந்த மைக்கோட்டு ஓவியம் போல வர வேண்டும். ஊர் ஓவியர் ஒருவர் தான் முன்பு வரைந்த 14 ஓவியங்களை இதற்குப் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். என்னிடம் இருப்பது 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. எதில் இறங்குவது?

ஆறாம்விரல்:
இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? ஃப்ளக்ஸ் காண்டெக்ஸ்ட் அல்லது க்வென் இமேஜ் எடிட், இரண்டுமே சொன்னபடி படத்தை மாற்றித் தரும் எடிட் மாடல்கள். படத்தைக் கொடுத்து இப்படிச் சொன்னால் போதும்:

```
Turn this photo into a black ink line drawing on white paper.
Keep the framing, the pillars and the number of windows unchanged.
```

உங்கள் கார்டுக்குச் சுருக்கிய ஜிஜியுஎஃப் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். பயிற்சி கியிற்சி எதுவும் வேண்டாம்.

பழையபட்டறை:
தரம் வேண்டுமென்றால் முழு செக்பாயிண்ட்தான், அதாவது முழு மாடலும் அடங்கிய கோப்பு. லோரா என்பது அதன் மேலே ஒட்டும் சிறு ஒட்டு. எஸ்.டி.எக்ஸ்.எல். மாடலின் அடிப்படையில் ஓவியப் பாணி செக்பாயிண்டுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஒன்றை இறக்கி, படத்தை உள்ளே கொடுத்து, அதை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் டீநாய்ஸை 0.5 வைத்தால் முடிந்தது.

கரிக்கோல்:
பழையபட்டறை, 0.5 இந்த வேலைக்குச் சரிப்படாது. அந்த அளவில் மூலப்படத்தின் வெளிச்சமும் நிழலும் பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும். மைக்கோட்டுக்கு வெள்ளைத் தாள் வேண்டும். உங்களுக்குக் கிடைப்பதோ சாம்பல் பூசிய புகைப்படத்தின் மேல் நாலு கோடு. சரி, 0.75க்கு ஏற்றினால் வெள்ளை வரும், கூடவே மூன்று சன்னல் நான்காகும், திண்ணைத் தூண் ஒன்று காணாமல் போகும். இரண்டுக்கும் நடுவில் நல்ல இடம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருக்கலாம், கிடைக்காது.

அதனால் உருவத்தைக் காப்பதையும் பாணியைக் கொடுப்பதையும் பிரித்துவிடுங்கள். உருவத்துக்கு கண்ட்ரோல்நெட்டின் லைன்ஆர்ட். அது படத்திலிருந்து விளிம்புகளை மட்டும் எடுத்துக் கொடுக்கும். படத்தை உள்ளே தராமல் முழு இரைச்சலிலிருந்தே தொடங்கலாம், ஆகவே சாம்பல் வர வழியில்லை. பாணிக்கு அந்த 14 ஓவியங்களில் பழக்கிய லோரா.

கண்ட்ரோல்நெட் பலத்தை 0.8 அளவில் வைத்து, படிகளில் 70 சதவீதம் போனதும் நிறுத்திவிடுங்கள். கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தால் கோடு அளவுகோல் வைத்து இழுத்தது போல விறைப்பாக இருக்கும். விட்டால்தான் ஓவியரின் கை நடுக்கம் வரும். ஒரு தொல்லை: மதிய வெயிலில் எடுத்த படங்களில் தாழ்வாரத்து நிழலையும் சுவர் என்று நினைத்துக் கோடு போடும். அந்தப் படங்களை மட்டும் நிழலை வெளுத்துவிட்டுக் கொடுங்கள்.

பழையபட்டறை:
அப்படியானால் செக்பாயிண்ட் எதற்கும் உதவாதா?

கரிக்கோல்:
அடியில் ஒன்று இருந்தே ஆக வேண்டும், லோரா தனியாக ஓடாது. ஆனால் சாதாரண எஸ்.டி.எக்ஸ்.எல். போதும். பாணி செக்பாயிண்டுகளில் பல, வேறு லோராக்களையும் மாடல்களையும் கலந்து கரைத்தவைதான். அதில் இருக்கும் அனிமே சாயலை நீங்கள் வெளியே எடுக்க முடியாது. ஓட்டுக் கூரை ஜப்பானியக் கோயில் போல வளைந்து நிற்கும். லோராவில் சாயல் அதிகமானால் 0.7 என்று குறைத்துவிடலாம். நீங்களே முழு மாடலைப் பழக்குவதற்கு 14 படங்கள் கொஞ்சமும் பற்றாது, 12 ஜிபியும் பற்றாது. லோராவுக்கு பேட்ச் 1, நினைவகத்தை மிச்சப்படுத்தும் கிரேடியண்ட் செக்பாயிண்டிங் போட்டால் 12இல் அடங்கும்.

வெள்ளிநிழல்:
என் தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் நடுவில் கிழிந்திருக்கிறது, கறுப்பு வெள்ளை. அதற்கும் லோரா பழக்க வேண்டுமா? முகம் மாறக் கூடாது.

ஆறாம்விரல்:
உங்களுக்கு எடிட் மாடலே போதும், ஒரே ஒரு படம்தானே. ஆனால் முகத்தை அது வரைந்ததாக விடாதீர்கள். கிழிசலையும் நிறத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, முகப் பகுதியில் பழைய படத்தையே மேலே வைத்து ஒட்டுங்கள்.

தாழ்வாரத்தின் கதைக்கு வருகிறேன். கரிக்கோல் சொல்வது 2023 ஆண்டுப் பாணி. எடிட் மாடல் மூலப்படத்தையே பார்த்துக்கொண்டு வரைகிறது, விளிம்பை மட்டும் அல்ல. எது நிழல், எது சுவர் என்று அதற்குத் தெரியும்.

கரிக்கோல்:
நிழல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 60 படங்களை அதில் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று பென்சில் போல, ஒன்று செப்புத்தகட்டு அச்சுப் போல, ஒன்று கட்டடக்கலைஞர் வரைபடம் போல வரும். ஸீட் எண்ணைப் பூட்டினாலும் உதவாது, உள்ளே போகும் படமே வேறு அல்லவா. 'குறுக்குக்கோட்டு நிழல்' என்று சொல்லலாம், 'இந்த ஓவியர் சன்னல் கம்பியை விடும் விதம்' என்று சொல்ல முடியாது. தாழ்வாரம் கேட்டது ஒரே கை.

இன்னொன்று, எடிட் மாடல்கள் சட்டகத்தைச் சிறிது நகர்த்தியோ பெரிதாக்கியோ தருவதுண்டு. கண்ணுக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே அளவாக்கி மேலே மேலே வைத்துப் பாருங்கள்:

```
magick composite -blend 50 drawing.png photo.png check.png
```

தூண்கள் இரட்டையாகத் தெரிந்தால் நகர்ந்திருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையை என் வழியில் வந்த படங்களுக்கும் செய்யுங்கள்.

ஆறாம்விரல்:
ஒரே கைதானே வேண்டும்? காண்டெக்ஸ்ட் மேலேயே லோரா பழக்கலாம். அதற்கு முன்-பின் ஜோடி வேண்டும்: வீட்டின் புகைப்படம், அதே வீட்டின் ஓவியம்.

தாழ்வாரம்:
ஜோடி இல்லை. அவர் நேரில் உட்கார்ந்து வரைந்தவை. அதில் பாதி வீடுகள் இடிந்தே போய்விட்டன.

ஆறாம்விரல்:
தலைகீழாகச் செய்யுங்கள். ஓவியத்தைக் கொடுத்து 'இதைப் புகைப்படமாக்கு' என்று எடிட் மாடலிடம் கேளுங்கள். வரும் போலிப் புகைப்படம் 'முன்', அசல் ஓவியம் 'பின்'. மாடல் கற்றுக்கொள்ள வேண்டியது பின் படத்தை, அது அசல். முன் படத்தில் செடி கொடி கொஞ்சம் பொய்யாக இருந்தால் கெட்டுப்போகாது.

கரிக்கோல்:
நல்ல தந்திரம்தான். ஆனால் போலிப் புகைப்படங்கள் எல்லாம் ஒரே மாதிரி வழவழவென்று இருக்கும். தாழ்வாரத்தின் கைபேசிப் படங்களில் மின்கம்பி, பைக், காயப்போட்ட துணி என்று எல்லாம் உண்டு. அதைப் பார்த்ததும் லோரா என்ன செய்யும் என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதோடு காண்டெக்ஸ்ட் பயிற்சிக்கு 24 ஜிபி இயந்திரத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும். நூலை விற்பதாக இருந்தால் காண்டெக்ஸ்ட் டெவ் உரிமத்தையும் படித்துவிடுங்கள், அது வணிகமல்லாப் பயன்பாட்டுக்கானது. க்வெனின் உரிமம் அபாச்சி 2.0, அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அது 20 பில்லியன் அளவுருக்கள் கொண்ட பெரிய மாடல், உங்கள் கார்டு திணறும்.

ஆறாம்விரல்:
பைக்கையும் துணியையும் எடிட் மாடல் ஒரு வரியில் நீக்கித் தரும். உங்கள் லைன்ஆர்ட் அதையும் சேர்த்துத்தானே வரையும்?

கரிக்கோல்:
ஆமாம், வரையும். அந்தத் துடைக்கும் வேலையை எடிட் மாடலிடம் முதலில் கொடுக்கலாம். வரைவதை நான் அதனிடம் விட மாட்டேன்.

தாழ்வாரம்:
14 ஓவியம் லோராவுக்குப் போதுமா? சில வீடுகளின் வாசலில் பெயர்ப்பலகை வேறு இருக்கிறது.

கரிக்கோல்:
முழுப் படம், கதவு மட்டும், கூரை மட்டும் என்று பெரிய அளவில் வெட்டிக்கொண்டால் ஏறக்குறைய 40 படம் வரும். பயிற்சிப் படங்களுக்குக் குறிப்பு எழுதும்போது வீட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள், 'மைக்கோடு' என்று எழுத வேண்டாம். சொல்லாமல் விட்டதைத்தான் லோரா தன் பாணியாக எடுத்துக்கொள்ளும். பலகையில் இருக்கும் தமிழை இந்த மாடல்கள் ஒழுங்காக எழுதித் தராது, கொம்பும் புள்ளியும் கண்டபடி விழும். பலகைப் பகுதியை மூலப்படத்திலிருந்து வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி மேலே வைத்துவிடுங்கள்.

பழையபட்டறை:
அதற்கு அந்த ஓவியரையே பலகைகளை எழுதித் தரச் சொல்லலாமே.

ஆறாம்விரல்:
14 அசலை 40 துண்டாக்கினாலும் அது 14தான். முன்வாசலைத் தவிர அவர் எதையும் வரைந்திருக்கவில்லை என்றால் கொல்லைப்புறப் படங்களில் லோரா தடுமாறும். மிகச் சிக்கலான மூன்று படங்களை எடுத்து இரண்டு வழியிலும் ஓட்டி, இங்கே போடுங்கள். பார்த்துவிட்டுச் சண்டையைத் தொடரலாம்.