பகாப் பல்லுறுப்பியா, ஒடுக்கவியலாப் பல்லுறுப்பியா?

ஹட்டன், செவ்வாய் காலை

வணக்கம். உயர்தர இணைந்த கணித மாணவர்களுக்கான மேலதிக வாசிப்புத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பல்லுறுப்பியை அதைவிடச் சிறிய படியுள்ள நிறைவெண் பல்லுறுப்பிகளின் பெருக்கமாக எழுதவே முடியாது என்று ஒரு முதன்மை எண்ணைக் கொண்டு நிறுவும் ஐசன்ஸ்டைன் சோதனையில் நிற்கிறேன். உதாரணம் x³ − 6x² + 12x + 6. தலைக் குணகம் 1 ஐ 2 வகுக்காது. மற்ற மூன்றையும் வகுக்கும். கடைசி 6 ஐ 4 வகுக்காது. ஆகவே பிரியாது. இப்படிப் பிரியாததை "ஒடுக்கவியலாப் பல்லுறுப்பி" என்று எழுதியிருக்கிறேன். வாயில் நுழையவில்லை. வேறு சொல் உண்டா?

பதுளை

ஒடுக்குவது என்றால் கவாத்து வெட்டுவது மாதிரி. செடி சிறுக்கும், இரண்டாகாது. இங்கே பேச்சு பிளப்பைப் பற்றியது. பகு என்ற வேர் கையிலேயே இருக்கிறது: பகுதி, பகுப்பு, பகல் (நாளைப் பகுப்பது), பங்கும் அதே குடும்பம்தான் என்பேன். நன்னூல் பகுபதம், பகாப்பதம் என்று பிரித்துவிட்டது. பகுத்தால் பயனில்லாததே பகாப்பதம். 2x² + 4 இல் 2 ஐ வெளியே எடுத்தாலும் அப்படித்தான், பயனில்லை. பகாப் பல்லுறுப்பி என்று போடுங்கள். வலி மிகும்.

கண்டி

பகல் பற்றிய ஆராய்ச்சியைத் தனியே வைத்துக்கொள்வோம், ஐயா. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பகா எண் என்றால் நம்முடைய முதன்மை எண். பிள்ளைகள் அங்குள்ள வீடியோக்களையும் பார்க்கிறார்கள். "பகா எண்ணால் பகாப் பல்லுறுப்பியை நிறுவுக" என்று கேள்வி வந்தால் எது எதைப் பகாது என்று குழம்புவார்கள். "காரணிப்படுத்த முடியாத" என்று நீட்டி எழுதினால் என்ன குறை?

நுவரெலியா

நான் இதை "பிரிப்புச் சோதனை" என்றே சொல்லிக்கொடுக்கிறேன். தேறினால் பிரியாது, தோற்றால் பிரியும். எளிது.

பேராதனை

சேர், பாதி சரி. தேறினால் பிரியாது. தோற்றால் ஒன்றும் தெரியாது. x² − 4, x² + 4 இரண்டையும் எடுங்கள். இரண்டிலும் 2 தவிர வேறு முதன்மை எண்ணுக்கு இடமில்லை. 4 மாறிலியை வகுத்துவிடுவதால் இரண்டும் தோற்கின்றன. முதலாவது (x − 2)(x + 2) என்று பிரிகிறது, இரண்டாவது பிரியாது.

p² ஏன் வேண்டும் என்பதைத் தாளில் ஒரு பந்தியாவது எழுதுங்கள். பல்லுறுப்பி B, C என்று பிரிந்தால் மாறிலி b₀c₀. அதில் p ஒரு தடவைதான் இருப்பதால் இரண்டில் ஒன்றை மட்டுமே வகுக்கும். அது b₀ என்போம். தலைக் குணகத்தை p வகுக்காததால் B இன் எல்லாக் குணகங்களையும் p வகுக்க முடியாது. முதன்முதலில் வகுபடாதது bₖ ஆகட்டும். xᵏ இன் குணகம் bₖc₀ + bₖ₋₁c₁ + … இதில் முதல் உறுப்பை மட்டும் p வகுக்காது, மற்றவற்றை எல்லாம் வகுக்கும். ஆனால் k தலைப்படியைவிடச் சிறியது, ஆகவே அந்தக் குணகத்தை p வகுத்தே ஆகவேண்டும். முரண்பாடு. p² மாறிலியை வகுத்தால் b₀, c₀ இரண்டிலும் p இருக்கலாம். வாதம் அங்கேயே உடைந்துவிடும்.

இன்னொன்று: குணகங்களை p ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வதற்கே "ஒடுக்கல்" தேவைப்படும். இரண்டு வேலைக்கு ஒரே சொல் வேண்டாம். 2 ஐ வெளியே எடுப்பதும் நிறைவெண் வளையத்தில் பகுப்புத்தான், பதுளை ஐயா. ஹட்டனின் "சிறிய படியுள்ள" என்ற நிபந்தனைதான் அதை விலக்குகிறது.

பண்டாரவளை

எங்கள் வகுப்பில் x⁴ + 4 வந்தது. மெய் மூலம் இல்லை, ஆகவே பிரியாது என்று எழுதச் சொன்னேன். சரிதானே?

பேராதனை

இல்லை அக்கா. (x² + 2x + 2)(x² − 2x + 2). மூலமில்லாமை படி 2, 3 வரைதான் உதவும்.

ஹட்டன்

x⁴ + x³ + x² + x + 1 இல் சோதனைக்கு p கிடைக்கவில்லையே?

பேராதனை

x இற்குப் பதிலாக x + 1 இடுங்கள். x⁴ + 5x³ + 10x² + 10x + 5 வரும்; p = 5. நகர்த்தியது பிரியாவிட்டால் மூலப் பல்லுறுப்பியும் பிரியாது. எல்லாவற்றுக்கும் இது கைகொடுக்காது: x² + 4 ஐ எவ்வளவு நகர்த்தினாலும் p கிடைக்காது.

பதுளை

சோதனைக்கு ஐசன்ஸ்டைன் பெயர் மட்டும் ஏன்? அவர் வெளியிட்டது 1850 இல். ஷேனமான் 1846 இலேயே வெளியிட்டுவிட்டார். அதோடு "ன்ஸ்டை" தமிழ் நாவுக்கு ஆகாது. ஐசென்சுடைன் என்று எழுதலாம்.

கண்டி

கிரந்தச் சண்டை வேண்டாம், தாள் வெள்ளிக்கிழமை.

ஹட்டன், புதன் இரவு

"பகாப் பல்லுறுப்பி", "ஐசன்ஸ்டைன் பகாமைச் சோதனை" என்று போடுகிறேன். நம் பாடநூல் முதன்மை எண் என்றே சொல்வதால் தாளுக்குள் மோதல் இல்லை. நுவரெலியா சேர் மட்டும் பதில் எழுதவில்லை.

கண்டி

தாளுக்குள் இல்லை. தாளுக்கு வெளியே இருக்கிறது. முதல் பக்கத்தில் ஒரு அடிக்குறிப்பாவது போடுங்கள்.