பழைய வாடிக்கையாளருக்குத் திருத்த அறிவிப்பு எதுக்கு?

கொட்டாஞ்சேனை_கடை: “தூய பருத்தி” என்று போட்ட பெட்ஷீட் பொலியெஸ்டர் கலப்பாம். லிஸ்டிங்கில மாத்திட்டன், அது போதும். பழைய ஆக்களுக்கு அறிவிப்பு அனுப்பிறது வீண்வேலை.

தறிக்காரன்: வாங்கினவர் பருத்தி என்று நம்பி அயனை மூன்று புள்ளியில வைப்பார். அது ஏறக்குறைய 200 பாகை. பொலியெஸ்டருக்கு இரண்டு புள்ளி, 150தான் எல்லை. துணி மினுங்கும், சுருங்கும், அயன் தட்டிலயும் ஒட்டும். உங்கட திருத்தத்தை அவர் ஏன் போய்ப் பார்க்கப்போறார்?

புறக்கோட்டை_78: பாதிக்கு மேல பருத்தி என்றால் மூன்று புள்ளி தாங்கும்.

தறிக்காரன்: தாங்காது. சூடு குறைவாத் தாங்கிற நூலைப் பார்த்துத்தான் அயன் வைக்கிறது. விளிம்பு நூல் ஒன்றைக் கொளுத்திப் பாருங்கோ. பருத்தி கடதாசி மாதிரி எரிஞ்சு சாம்பலாகும். கலப்பெண்டால் கரிய, கட்டியான மணி மிஞ்சும். ஆனா எத்தனை வீதம் என்று அதில தெரியாது, சப்ளையரிட்டத்தான் கேக்கவேணும்.

புறக்கோட்டை_78: மூன்று புள்ளி தாங்கும். கன வருஷமா வியாபாரம் செய்யிறம்.

தறிக்காரன்: வருஷத்துக்கு அயன் பயப்பிடாது அண்ணை.

மலர்_கர்ட்டன்: நான் 84 அங்குலம் என்று போட்ட கர்ட்டன் 78தான் இருந்தது. “சிறு வேறுபாடு” என்று அறிவிச்சன், ஆறு பேர் சண்டைக்கு வந்திட்டினம்.

தறிக்காரன்: ஆறு அங்குலம் குறைஞ்சால் யன்னலுக்குக் கீழ வெளிச்சம் தெரியும், அதில என்ன சிறுசு? பிழையையும் சரியையும் பக்கத்தில பக்கத்தில எழுதுங்கோ. பெட்ஷீட்டுக்கு இப்பிடி:

“வணக்கம். ஏப்ரல் 3 முதல் 20 வரை நீங்கள் வாங்கிய நீலப் பெட்ஷீட்டை நூறு வீதம் பருத்தி என்று குறிப்பிட்டிருந்தோம். அது பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்தது. அயனை இரண்டு புள்ளிக்கு மேல் வைக்க வேண்டாம். துவைத்திருந்தாலும் திருப்பித் தரலாம், கூரியர் செலவு எங்களுடையது. வைத்துக்கொள்ள விரும்பினால் விலை வித்தியாசத்தைத் தருவோம். மே 15க்குள் அறியத்தாருங்கள். எங்கள் தவறுக்கு மன்னிக்கவும்.”

கொட்டாஞ்சேனை_கடை: துவைச்சதை எடுத்து நான் என்ன செய்ய? கூரியரும் நானோ? நல்ல வள்ளல்!

தறிக்காரன்: துவைக்காமல் ஆர் பெட்ஷீட் விரிப்பினம்? 2003ஆம் ஆண்டு நுகர்வோர் அதிகாரசபைச் சட்டத்தில பொருளைப் பற்றிப் பொய்யாச் சொல்லக்கூடாது என்றிருக்கு.

மலர்_கர்ட்டன்: எல்லாரையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில போட்டு அனுப்பலாமே.

தறிக்காரன்: ஐயோ, எல்லாற்றை நம்பரும் எல்லாருக்கும் தெரியும். புரோட்காஸ்ட்டும் உங்கட நம்பரைச் சேமிச்சவைக்கு மட்டும்தான் போகும். ஓடர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருத்தருக்கா அனுப்புங்கோ. பதில் வராட்டி ஒருக்கா கோல் எடுங்கோ.

கொட்டாஞ்சேனை_கடை: போன மாசம் என்ர படத்தைத் தூக்கிப் போட்டு விற்ற ஆள் எனக்குப் பாடம் எடுக்கிறார்!

தறிக்காரன்: அந்தப் படம் சப்ளையருடையது. கதையை மாத்தாதேங்கோ.

புறக்கோட்டை_78: மூன்று புள்ளி தாங்கும்.