சுரங்கம் நின்றால் பவுன் ரேட் ஏறுமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சேலம் நகைக்கடை

2008 ஜனவரி கடைசி வாரம். அப்பாவின் கடையில் நான் கல்லாவில் உட்கார ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் கரண்ட் இல்லாமல் தங்கச் சுரங்கங்கள் மூடிவிட்டன என்று டிவியில் ஓடியது. அன்றைக்கே ரேட்டும் ஏறியது. ஆவணியில் மகள் கல்யாணம் வைத்திருந்த தறிக்காரர் ஒருவர் விலை கேட்க வந்திருந்தார். "அண்ணே, சுரங்கமே நின்றுபோச்சு, இனிமேல் இறங்காது, இப்பவே எடுத்துடுங்க" என்றேன். வட்டிக்கு வாங்கி வந்து 15 பவுன் எடுத்தார்.

ஆவணியில் ரேட் ஜனவரியை விடக் குறைவாக இருந்தது. பத்திரிகை வைக்க வந்தவர் போர்டைப் பார்த்துவிட்டு, "சுரங்கத்தைத் திறந்துட்டாங்களா தம்பி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அவர் கட்டிய ஏழு மாத வட்டி எனக்கு இன்னும் உறுத்துகிறது. தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன். சுரங்கம் நிற்பதை நேரில் பார்த்தவர்கள், அந்தச் செய்தியை நம்பி வாங்கியவர்கள், விற்றவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

குளிர்நிலைய இன்ஜினீயர்

அந்த வாரம் நான் அங்கேதான் இருந்தேன். ஜொகன்னஸ்பர்க்குக்கு மேற்கே கார்ல்டன்வில் பக்கம், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகும் ஒரு சுரங்கத்தில் குளிரூட்டும் பிரிவில் வேலை. பெயர் வேண்டாம்.

வியாழன் இரவு தகவல் வந்தது: மின்சாரம் தொடர்ந்து வரும் என்று உத்தரவாதம் தர முடியாது. விளக்கு கொஞ்ச நேரம் அணைவதைப் போல இதை நினைக்காதீர்கள். ஆட்களை இறக்குவது கூண்டில். மேலிருந்து ஒரு கூண்டில் இறங்கி, கீழே நடந்து போய், இன்னொரு கூண்டில் மறுபடி இறங்குவோம். அடியில் பாறையைத் தொட்டால் 55 டிகிரிக்கு மேல் இருக்கும். மேலே ஐஸ் செய்து குழாய் வழியாகக் கீழே அனுப்பித்தான் அங்கே ஆள் நிற்கக்கூடிய வெப்பம் கிடைக்கும். கரண்ட் போனால் கூண்டு, காற்று, ஐஸ் மூன்றும் ஒரே நேரத்தில் நிற்கும். ஆயிரக்கணக்கான பேர் கீழே இருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் 25ஆம் தேதி காலை ஷிஃப்டை இறக்கவே இல்லை. தலையில் விளக்கு மாட்டி வரிசையில் நின்றவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள்.

பல பேருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சில நாட்களில் முதலில் 80 சதவீதம், அப்புறம் 90 சதவீதம் மின்சாரம் கொடுத்தார்கள். 90 சதவீதம் வந்தால் தங்கமும் 90 சதவீதம் வரும் என்று வெளியே நினைத்தார்கள். அப்படி வராது. தண்ணீரை இறைக்கும் பம்பு, காற்றாடி, குளிர்நிலையம் இவையெல்லாம் ஒரு கிராம் வெட்டாவிட்டாலும் ஓடியாக வேண்டும். குறைகிற பத்து சதவீதம் முழுவதையும் பாறை வெட்டுவது, தூக்குவது, அரைப்பது இவற்றிலிருந்துதான் எடுக்க முடியும். என் ஷிஃப்டில் நாங்கள் செய்தது, பாறை வெட்டும் இடங்களான முகப்புகளில் ஆழமானவற்றை, சூடானவற்றை மூடி வைத்ததுதான். அவற்றில் சில நான் கிளம்பும் வரை திறக்கவில்லை.

திண்டுக்கல் வாத்தியார்

கடைக்காரர் அனுபவத்துக்கு என்னுடையது நேர்மாறு. 2012இல் தென்னாப்பிரிக்காவில் பெரிய ஸ்ட்ரைக். மாரிகானாவில் ஆகஸ்ட் 16ஆம் தேதி 34 தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அது பிளாட்டினம் சுரங்கம். அதிலிருந்து தங்கச் சுரங்கங்களுக்கும் வேலைநிறுத்தம் பரவியது. அக்டோபர் ஆரம்பத்தில் அவுன்ஸ் 1,790 டாலர் வரை போனது. செப்டம்பர் தொடக்கத்தில் வாங்கிய எனக்கு லாபம். ஆக ஸ்ட்ரைக் வந்தால் ஏறும். நான் கண்ணால் கண்டது.

கமாடிட்டி டெஸ்க், சென்னை

வாத்தியார் ஐயா, தேதிகள் எல்லாம் சரி. ஆனால் செப்டம்பர் 13ஆம் தேதி அமெரிக்க மத்திய வங்கி மூன்றாவது முறையாகப் பத்திரம் வாங்கும் திட்டத்தை அறிவித்தது. டாலர் பெருகும் என்றால் தங்கத்தை வாங்குவார்கள்; அந்த வாரம் முழுவதும் எங்கள் திரையில் பேச்சு அதைப் பற்றித்தான். ஸ்ட்ரைக் பரவிக்கொண்டிருந்த அக்டோபரிலேயே விலை இறங்கவும் ஆரம்பித்துவிட்டது.

2008க்கும் அதேதான். ஜனவரி 22ஆம் தேதி அமெரிக்காவில் அவசரமாக வட்டியை முக்கால் சதவீதம் குறைத்தார்கள். மூன்றே நாளில் தென்னாப்பிரிக்க மின் நிறுவனமான எஸ்காமின் அறிவிப்பு வந்து, ஆங்கிலோகோல்ட், கோல்ட் ஃபீல்ட்ஸ், ஹார்மனி என்ற மூன்று சுரங்க நிறுவனங்களும் உற்பத்தியை நிறுத்தின. வெள்ளிக்கிழமை புதிய உச்சம். அதில் எவ்வளவு வட்டியால், எவ்வளவு சுரங்கத்தால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அளவை வைத்து யோசிக்க மட்டும் முடியும். தென்னாப்பிரிக்கா அப்போது வருடத்துக்கு ஏறக்குறைய 250 டன் எடுத்தது, அதாவது நாளைக்கு முக்கால் டன்னுக்கும் குறைவு. ஐந்து நாள் நின்றால் மூன்றரை டன். உலகத்தில் ஏற்கெனவே வெட்டியெடுத்த தங்கம் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் பெட்டகத்திலும் கழுத்திலும் கிடக்கிறது. விலை கொஞ்சம் ஏறினால் பழைய நகையிலிருந்தே மூன்றரை டன் சந்தைக்கு வந்துவிடும்.

ஸ்ட்ரைக்கை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டுமானால் 2022ஐப் பாருங்கள். சிபான்யே நிறுவனத்தின் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் மார்ச்சிலிருந்து ஜூன் வரை மூன்று மாதம் வேலைநிறுத்தம். தொடங்கியபோது உக்ரைன் போரால் விலை 2,000 டாலர் பக்கம். முடிந்தபோது 1,850 பக்கம். மூன்று மாதமும் சுரங்கம் மூடியே இருந்தது, விலை இறங்கியது.

கோவை பட்டறை

கரண்ட் விஷயம் என்றதும் எழுதத் தோன்றியது. 2012இல் எங்கள் பக்கம் நாளைக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் இருந்தது என்று விரல் விட்டு எண்ணலாம். மூசையில் தங்கம் பாதி உருகியிருக்கும்போது போய்விடும். ஆறியதைத் திரும்ப முதலிலிருந்து சூடாக்க வேண்டும். வார்ப்பு போட்டால் அச்சு பாதி நிரம்பாமல் நிற்கும், அதை வெட்டி மறுபடி உருக்குவோம். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி ஊற்றிக் கையில் காசு நிற்கவில்லை. பத்து வருடமாக என்னிடம் இருந்த பாலிஷ் பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். அப்போதும் பவுன் விலை ஏறித்தான் இருந்தது. அதற்கு இது காரணமா?

கமாடிட்டி டெஸ்க், சென்னை

இல்லை அண்ணா, அது பவுன் ரேட்டில் சேராது. உங்கள் கூலியில்தான் சேரும், அதையும் கடைக்காரர்கள் ஏற்றித் தந்திருந்தால்.

கோவை பட்டறை

தரவில்லை.

கோலார் மகள்

அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தார். எங்கள் தாத்தா காலத்திலேயே வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம். இன்ஜினீயர் சார் எழுதிய கூண்டும் சூடும் எங்கள் வீட்டுப் பேச்சு. ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பாவின் சட்டையை அம்மா பிழிந்தால் வாளியில் தண்ணீர் விழும். காய்ந்த பிறகு முதுகில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும்.

எங்கள் ஊருக்கு 1902இலேயே சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து கரண்ட் வந்துவிட்டது. சுரங்கத்துக்காகத்தான் அந்தக் கம்பியே இழுத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அப்போது அவுன்ஸ் 260 டாலர் பக்கம். மூன்று கிலோமீட்டர் கீழே போய் ஒரு கிராம் எடுக்க ஆகும் செலவு, விற்கும் விலையைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. அப்புறம் பம்புகள் நின்றன. தண்ணீர் ஏறியது. இன்றைக்கு விலை எத்தனை மடங்கு! ஆனாலும் அப்பா இறங்கின இடத்துக்கு யாராலும் போக முடியாது. ஸ்ட்ரைக் முடிந்தால் ஆட்கள் மறுநாளே வருவார்கள். மூழ்கின சுரங்கம் விலை ஏறினதும் தானாகத் திறக்காது. ரேட் போர்டில் ஒரு நாள் ஏறி இறங்குவதைப் பேசுகிறீர்கள், ஊரே போனதை அந்தப் போர்டு காட்டவில்லை.

குளிர்நிலைய இன்ஜினீயர்

கோலார் அம்மா சொன்னதுதான் தென்னாப்பிரிக்காவிலும் நடந்தது. 2008க்குப் பிறகு சில வருடங்கள் வருடத்துக்கு ஏறக்குறைய 25 சதவீதம் என்ற கணக்கில் மின்கட்டணம் ஏறியது. எங்களைப் போன்ற ஆழமான இடத்துக்கு, ஆட்கள் சம்பளத்துக்கு அடுத்த பெரிய செலவுகளில் கரண்ட் பில் ஒன்று. அதனால் 'இந்த முகப்பு லாபம் தராது' என்று ஒவ்வொன்றாக மூடினோம். அந்த ஐந்து நாள் மட்டும் செய்தியில் வந்தது.

திண்டுக்கல் வாத்தியார்

சரி, ஸ்ட்ரைக் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கரண்ட், டீசல், சம்பளம் ஏறினால் எடுக்கிற செலவு ஏறும். அந்தச் செலவுக்குக் கீழே விலை போகாதுதானே? அதை நம்பி வாங்கலாம் அல்லவா?

குளிர்நிலைய இன்ஜினீயர்

2013இல் 1,700லிருந்து 1,200க்கு விழுந்தது. நிறைய சுரங்கங்களுக்கு அது செலவுக்கே கட்டாத விலை. உடனே மூடினார்களா? இல்லை. ஏழைப் பாறையை விட்டுவிட்டுத் தங்கம் அதிகம் உள்ள பாறையை முதலில் எடுத்தார்கள். அந்த வருடம் உலக உற்பத்தி ஏறியது. விலை விழுந்தால் வரத்து குறையும் என்று எதிர்பார்த்தால், சில காலம் அதிகமாகவே வரும்.

கமாடிட்டி டெஸ்க், சென்னை

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நல்ல பாறையை முன்கூட்டியே தின்றுவிட்டால் நாலைந்து வருடம் கழித்து அது தெரியும். புதிய சுரங்கத்துக்குப் பணம் போடுவதையும் அப்போது நிறுத்தினார்கள். அதற்கான விலையை இன்று கொடுக்கிறோமா என்று நாங்களே அலுவலகத்தில் இன்னும் சண்டை போடுகிறோம்.

கடைக்காரருக்கு ஒரு கணக்கு. 2008 ஜனவரி கடைசி வாரத்தில் அவுன்ஸ் சுமார் 915 டாலர், ஒரு டாலர் 39.50 ரூபாய். கிராமுக்கு ஏறக்குறைய 1,160. அக்டோபர் அடிமட்டத்தில் 712 டாலர், ஆனால் டாலர் 50 ரூபாய். கிராமுக்கு 1,145. உலகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்த தங்கம், சேலத்தில் கிட்டத்தட்ட விழவே இல்லை. ஆவணியில் ரூபாய் அந்த அளவுக்குச் சரியவில்லை, அதனால்தான் உங்கள் தறிக்காரர் குறைந்த ரேட்டைப் பார்த்தார். ஒரு பவுனுக்கு அவர் இழந்தது சில நூறு ரூபாய். வட்டிதான் பெரியது.

சேலம் நகைக்கடை

இந்தக் கணக்கை அவரிடம் சொல்லப் போகிறேன். இப்போதும் பேத்திக்குக் கம்மல் மாற்ற வருவார். வட்டி எத்தனை சதவீதத்துக்கு வாங்கினார் என்று நான் அப்போது கேட்கவே இல்லை.