‘மேண்டேட்’டைத் தமிழில் எப்படி எழுதுவது?

வைகைக்கரை: யுபிஐ செயலி ஒன்றைத் தமிழாக்குகிறேன். பணம் எடுக்க முன்கூட்டியே அனுமதி தரும் "Approve mandate" என்ற பொத்தானில் மாட்டிக்கொண்டேன். ‘ஆணை’யா, ‘கட்டளை’யா, ‘மேண்டேட்’ என்றே விடுவதா?

செந்தூரன்: ‘மின்னாணை’ என்று போடுங்கள். பற்று, வரவு எல்லாம் புழங்கித்தானே நிலைத்தன? ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுத, தமிழ்த் திரை எதற்கு?

கவுன்டர்3: வங்கியில் வேலை பார்க்கிறேன். ‘மேண்டேட்’ என்றே விடுங்கள். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் அதுதான் இருக்கிறது, உதவி எண்ணில் பேசுபவரும் அதைத்தான் சொல்வார். ‘மின்னாணையை ரத்து செய்யணும்’ என்று ஒருவர் கேட்டால் எங்கள் ஆட்களுக்கே புரியாது.

தறிநாடா: அம்மா போனில் ஒரு படச் செயலி 1 ரூபாய் கேட்டது. பின் நம்பர் போட்டுவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து 299 ரூபாய் போகிறது. எப்படி நிறுத்துவது?

பழைய_நிரலர்: தறிநாடா, அனுமதி கொடுத்த அதே யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். படச் செயலியை நீக்கினால் மட்டும் நிற்காது.

கவுன்டர்3, அந்தம்மா ‘மேண்டேட்’ என்று படித்திருந்தாலும் பின் நம்பர் போட்டிருப்பார். எவ்வளவு வரை எடுக்கலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதி வரை என்ற மூன்றும்தான் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். முதலில் அவற்றைத் தெளிவான தமிழில் எழுதுங்கள்.

செந்தூரன், ‘மின்னாணை’யில் வேறு சிக்கல். யுபிஐ வழியாக ஐபிஓவுக்கு விண்ணப்பித்தாலும் மேண்டேட்தான் வரும். அங்கே பணம் உடனே போகாது, கணக்கிலேயே முடக்கிவைக்கப்படும். பங்கு ஒதுக்கினால்தான் எடுப்பார்கள், இல்லையென்றால் விடுவித்துவிடுவார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் படிப்பவர் குழம்புவார். அப்புறம், gettext கோப்பில் ஒரே ஆங்கில வரிக்கு ஒரே மொழிபெயர்ப்புதான் நிற்கும். வரி எந்த இடத்தில் வருகிறது என்று காட்டும் msgctxt-ஐ நிரலரிடம் சேர்க்கச் சொல்லுங்கள்:

```
msgctxt "autopay"
msgid "Approve mandate"
msgstr "தானாகப் பணம் எடுக்க அனுமதி"

msgctxt "ipo"
msgid "Approve mandate"
msgstr "பணத்தை முடக்கிவைக்க அனுமதி"
```

செந்தூரன்: இது சொல் இல்லை, விளக்கம். சின்னத் திரையில் பொத்தானுக்குள் அடங்காது, "தானாகப் பணம் எடு…" என்று வெட்டுப்படும். ஒவ்வொரு செயலியும் தன் இஷ்டத்துக்கு விளக்கினால் பொதுச்சொல் எப்போது பிறக்கும்?

பழைய_நிரலர்: வெட்டுப்படும் என்பது சரிதான், அதுவும் ஆபத்தான இடத்தில் வெட்டுகிறது. பொத்தானில் ‘அனுமதி’ மட்டும் இருக்கட்டும், முழு வரியைப் பொத்தானுக்கு மேலே தலைப்பாக வையுங்கள். அதன் கீழே சிறிய எழுத்தில் ‘மேண்டேட்’ என்று ஒருமுறை வந்தால் போதும், குறுஞ்செய்தியோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள். பொதுச்சொல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காக ஒருவர் பணம் போகக்கூடாது.

கவுன்டர்3: ‘மேண்டேட்’ எங்கேயாவது இருந்தால் எனக்குச் சரி. ஆனால் ‘முடக்கம்’ வேண்டாம். கணக்கையே முடக்கிவிட்டார்கள் என்று பதறிப்போய்க் கிளைக்கு ஓடி வருவார்கள். ‘நிறுத்திவைக்க’ என்று போடுங்கள்.

செந்தூரன்: ‘நிறுத்திவை’ என்றால் மாதக் கட்டணத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் பொத்தானோடு மோதுமே?

வைகைக்கரை: மோதுகிறது, அந்தப் பொத்தானும் இதே கோப்பில்தான் இருக்கிறது. ‘ஒதுக்கிவைக்க’ என்றாலும் பங்கு ஒதுக்கீட்டோடு இடிக்கிறது. தலைப்பு யோசனையை எடுத்துக்கொள்கிறேன், msgctxt கேட்டு நிரலருக்கு எழுதிவிட்டேன். ஐபிஓ வரிக்கு வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.