உதவி தேவை: மையக்கோடும் மறைகோடும் அச்சில் முழுக்கோடாகவே விழுகின்றன

வரைபலகை (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் வணக்கம். மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றின் தூண் அமைப்புப் படத்தை ஆட்டோகேடில் வரைந்துகொண்டிருக்கிறேன். தூண்களின் கிரிட் கோடுகளை CENTER லைன்டைப்பிலும், தளத்துக்கு அடியில் மறைந்திருக்கும் பீம்களை HIDDEN லைன்டைப்பிலும் வைத்திருக்கிறேன். படம் மில்லிமீட்டரில் உள்ளது. லேஅவுட்டில் 1:100 அளவில் ஒரு வியூபோர்ட் இருக்கிறது. மிக நீளமான கிரிட் கோடு 24000 மி.மீ.

மாடல் பகுதியில் எல்லாக் கோடுகளும் முழுக்கோடாகவே தெரிகின்றன. லேஅவுட்டில் நன்றாக நெருங்கிப் பார்த்தால் துண்டு துண்டாக இருப்பது தெரிகிறது, ஆனால் அச்செடுத்தால் மறுபடியும் முழுக்கோடுதான். லேயரில் லைன்டைப் சரியாக இருக்கிறதா என்று இருமுறை பார்த்துவிட்டேன். LTSCALE 1, PSLTSCALE 1, MSLTSCALE 1 என்று இருக்கின்றன. கிரிட் கோட்டின் தடிமன் 0.35. படத்தை அலுவலகத்தில் இருந்த acad.dwt டெம்ப்ளேட்டிலிருந்து தொடங்கி, பிறகு UNITS கட்டளையில் மில்லிமீட்டர் என்று மாற்றிக்கொண்டேன். எங்கே தவறு என்று தெரியவில்லை.

செங்கோணம்

தம்பி, இதற்கு இவ்வளவு தேட வேண்டியதில்லை. LTSCALE என்பது படத்தின் அளவுகோலுக்குச் சமமாக இருக்க வேண்டும். 1:100 என்றால் 100 என்று கொடுங்கள். நாங்கள் வீட்டு வரைபடங்களை அடி, அங்குலத்தில் வரைகிறோம். ஓரடிக்கு எட்டில் ஒரு அங்குலம் என்ற அளவுகோலுக்கு 96 என்று வைத்து, பிறகு கண்ணுக்கு ஏற்றபடி பாதியாகக் குறைத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாக இந்தக் கணக்குதான், ஒருமுறையும் தவறியதில்லை.

வரைபலகை

நன்றி ஐயா. 100 என்று கொடுத்துப் பார்த்தேன். மாடலில் கோடுகள் இப்போது அழகாகத் துண்டு துண்டாகத் தெரிகின்றன. ஆனால் லேஅவுட் முன்பைவிட மோசமாகிவிட்டது. நீளமான கிரிட் கோடு ஒரே ஓரிடத்தில் உடைந்து, மற்றபடி முழுதாக இருக்கிறது. மூன்று மீட்டர் பீம்கள் எல்லாம் முழுக்கோடுகள்தான், எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் துண்டு தெரியவில்லை.

நிலக்கோடு

எனக்கும் இதே சிக்கல் இருந்தது. சாலையின் மையக்கோட்டை சர்வே புள்ளிகள் வழியாகப் பாலிலைனாக வரைந்திருந்தேன். நேரான பகுதிகளில் துண்டுகள் வந்தன, வளைவுகளில் மட்டும் முழுக்கோடாகிவிட்டது. PLINEGEN என்பதை 1 ஆக்கிவிட்டு, ஏற்கெனவே இருந்த கோட்டுக்கு PEDIT வழியாக Ltype gen என்பதை ON செய்ததும் சரியாகிவிட்டது. உங்கள் படத்துக்கும் இதுதான் தீர்வாக இருக்கும்.

மைஊறல்

மூன்று பதில்களையும் படித்தேன். வரைபலகை அவர்களே, உங்கள் இரண்டாவது பதிவில் ஒரு நல்ல தடயம் இருக்கிறது. முதலில் நெருங்கிப் பார்த்தால் துண்டு தெரிந்தது, பிறகு எவ்வளவு நெருங்கினாலும் தெரியவில்லை என்கிறீர்கள். இரண்டும் முழுக்கோடுதான், ஆனால் காரணங்கள் நேர் எதிரானவை. நெருங்கினால் துண்டு தெரியுமானால், கோட்டில் திரும்பத் திரும்ப வரும் துண்டும் இடைவெளியும் சேர்ந்த தொடர் மிகச் சிறியது என்று பொருள். நெருங்கியும் தெரியாவிட்டால், தொடர் அந்தக் கோட்டைவிடப் பெரியதாக இருக்கலாம். ஒரு முழுத் தொடர் அடங்காத அளவுக்குக் கோடு குட்டையாக இருந்தால், ஆட்டோகேட் முனையிலிருந்து முனைவரை முழுக்கோடாகவே வரைந்துவிடும்.

முதல் நிலையை எடுத்துக்கொள்வோம். acad.dwt அங்குலத்துக்கான டெம்ப்ளேட். அதில் ஏற்றப்படும் CENTER லைன்டைப் acad.lin கோப்பிலிருந்து வருகிறது, அதன் வரையறை இதுதான்:

```
A,1.25,-.25,.25,-.25
```

நீளத் துண்டு, இடைவெளி, குட்டைத் துண்டு, இடைவெளி எல்லாம் சேர்த்து 2 அலகுகள். அங்குலத்தில் வரைபவருக்கு அது தாளில் இரண்டு அங்குலம். உங்கள் படத்தில் ஓர் அலகு ஒரு மில்லிமீட்டர் என்பதால் அது 2 மி.மீ. ஆகிவிட்டது. UNITS கட்டளையில் மில்லிமீட்டர் என்று தேர்ந்தெடுப்பது, பிற கோப்புகளைச் செருகும்போது அவற்றை எப்படி அளவு மாற்றுவது என்பதைத்தான் தீர்மானிக்கிறது. லைன்டைப் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதை அது தொடுவதே இல்லை.

மாடலில் ஒன்றுமே தெரியாததற்குக் காரணம் எளிது: 24000 மி.மீ. கோட்டில் அந்த 2 மி.மீ. தொடர் 12000 முறை வருகிறது. லேஅவுட்டில் PSLTSCALE 1 என்று இருந்ததால், வியூபோர்ட்டின் அளவுகோல் எதுவானாலும் தொடர் தாளில் 2 மி.மீ. ஆகவே நின்றது. அதனால்தான் நெருங்கியபோது உங்களுக்குத் துண்டு தெரிந்தது. அப்படியானால் அச்சில் ஏன் தெரியவில்லை? இடைவெளி வெறும் 0.25 மி.மீ. ஆனால் கோட்டின் தடிமன் 0.35. ஒவ்வொரு துண்டின் முனையும் இயல்பாக வட்டமாக முடிவதால், தடிமனில் பாதி அளவுக்கு இருபுறமும் இடைவெளிக்குள் நீள்கிறது. 0.175 இந்தப் பக்கம், 0.175 அந்தப் பக்கம் என்று 0.25 மி.மீ. இடைவெளி முழுவதும் மையால் மூடிப்போகிறது. தடிமனைக் காட்டாமல் திரையில் பார்ப்பவருக்கு இது பிடிபடாது. அச்செடுத்த பிறகுதான் தெரியும்.

இரண்டாவது நிலையில், LTSCALE 100 ஆனதும் தொடர் 200 அலகுகள் ஆனது. மாடலில் அது பொருத்தமாகத் தெரிந்தது. PSLTSCALE 1 என்பதால் லேஅவுட்டில் அதே 200 தாளின் மில்லிமீட்டராகிவிட்டது. உங்கள் 24 மீட்டர் கோடு தாளில் 240 மி.மீ. தானே? அதனால்தான் ஓரிடத்தில் மட்டும் உடைந்தது. HIDDEN தொடர் தாளில் 37.5 மி.மீ. ஆனது. மூன்று மீட்டர் பீம் தாளில் 30 மி.மீ. மட்டுமே, அதில் ஒரு தொடர்கூட அடங்காது.

செங்கோணம் ஐயா சொன்ன கணக்கு தவறில்லை, அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அங்குல அலகு, அங்குல லைன்டைப், PSLTSCALE 0, தாள் முழுவதும் ஒரே அளவுகோல் என்று இருக்கும்போது அது சரியாகவே வேலை செய்யும். நிலக்கோடு அவர்கள் சொன்னதும் உண்மையான சிக்கல்தான், ஆனால் அது அடுத்தடுத்து முனைப்புள்ளிகள் உள்ள பாலிலைனுக்கு உரியது. ஒவ்வொரு முனையிலும் தொடர் புதிதாகத் தொடங்குவதால் குட்டைப் பகுதிகள் நிரம்பிவிடுகின்றன. இரு முனைகள் மட்டுமே உள்ள கிரிட் கோட்டில் அதனால் எந்த மாற்றமும் வராது.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் MEASUREMENT என்பதை 1 ஆக்குங்கள். இது மட்டும் போதாது, ஏனென்றால் ஏற்கெனவே ஏற்றப்பட்ட லைன்டைப்புகள் படத்துக்குள் பழைய வரையறையோடு உட்கார்ந்திருக்கும். LINETYPE கட்டளையில் Load வழியாகச் சென்று, கோப்பு acadiso.lin தானா என்று உறுதிசெய்துகொண்டு, CENTER, HIDDEN இரண்டையும் தேர்ந்தெடுங்கள். மறுபடி ஏற்றவா என்று கேட்கும், ஆம் என்று கொடுங்கள். இப்போது CENTER வரையறை 31.75, 6.35, 6.35, 6.35 என்று மாறி, தொடரின் நீளம் 50.8 ஆகும். பிறகு இவற்றைக் கொடுங்கள்:

```
LTSCALE     0.4
PSLTSCALE   1
MSLTSCALE   1
CANNOSCALE  1:100
REGENALL
```

0.4 ஏன் என்றால், தாளில் CENTER கோட்டின் நீளத் துண்டு 12.7 மி.மீ., இடைவெளி 2.54 மி.மீ. என்று வரும். HIDDEN கோட்டில் துண்டு 2.54, இடைவெளி 1.27. 0.35 தடிமன் விழுங்கிய பின்னும் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி மிஞ்சும். உங்கள் பீம்கள் இன்னும் குட்டையாக இருந்தால் 0.3 வரை இறக்கலாம், அதற்குக் கீழே போனால் HIDDEN நெருக்கமாகிவிடும் என்பது என் கருத்து.

மாடலில் அனோட்டேஷன் ஸ்கேல் 1:1 என்றே இருந்தால், MSLTSCALE 1 ஆக இருந்தும் அங்கே முழுக்கோடாகத்தான் தெரியும். அதற்காகவே CANNOSCALE. இன்னொன்று: PSLTSCALE ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படுவதால், பல லேஅவுட்டுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் சென்று பாருங்கள்.

செங்கோணம்

விளக்கம் தெளிவாக இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் பழைய படங்கள் எல்லாமே PSLTSCALE 0 என்றுதான் இருக்கின்றன. ஒரே தாளில் 1:100 தளமும் 1:20 விவரப்படமும் சேர்த்து வைக்கும்போது மட்டும், விவரப்படத்தில் துண்டுகள் ஐந்து மடங்கு நீளமாகிவிடும். அதை இத்தனை காலம் அந்தக் கோடுகளின் Linetype scale பண்பைத் தனித்தனியாக மாற்றிச் சமாளித்துவந்தோம். ஆனால் நூற்றுக்கணக்கான பழைய கோப்புகளை இப்போது 1 என்று மாற்றினால், அந்தத் தனித் திருத்தங்கள் எல்லாம் எதிர்த் திசையில் போய் நிற்கும். ஆகவே புதிய படங்களுக்கு மட்டும் உங்கள் முறையை வைத்துக்கொள்கிறேன்.

மைஊறல்

அதுதான் சரியான முடிவு ஐயா. வரையப்பட்ட கோட்டின் சொந்த அளவு LTSCALE உடன் பெருக்கப்படுகிறது. எனவே பழைய கோப்பில் PSLTSCALE ஐ மாற்றினால் கோடுகளின் சொந்த அளவையும் 1 என்று திருப்ப வேண்டியிருக்கும்.

வரைபலகை

சொன்னபடி செய்தேன். மாடலிலும் லேஅவுட்டிலும் ஒரே மாதிரி தெரிகிறது. தாளில் அளவுகோல் வைத்து அளந்தேன், மையக்கோட்டின் நீளத் துண்டு பன்னிரண்டரை மி.மீ. அளவில் இருக்கிறது. உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது, மிக்க நன்றி.

ஒன்று மட்டும் மிச்சம். கட்டமைப்புப் பொறியாளரின் படத்தை எக்ஸ்ரெஃப் ஆக இணைத்திருக்கிறேன். அதிலுள்ள கிரிட் கோடுகள் இன்னும் முழுக்கோடாகவே இருக்கின்றன. அவருடைய கோப்பைத் தனியாகத் திறந்தால் துண்டுகள் தெரிகின்றன. அங்கே LTSCALE 50 என்று இருக்கிறது.

மைஊறல்

எக்ஸ்ரெஃப் இணைக்கும்போது அந்தக் கோப்பின் LTSCALE உடன் வருவதில்லை, உங்கள் படத்தின் 0.4 தான் அங்கும் செல்லுபடியாகும். ஆனால் லைன்டைப்பின் வரையறை அவருடைய கோப்பிலிருந்தே வருகிறது. அதுவும் அங்குல வரையறையாக இருந்தால், 2 மி.மீ. தொடர் 0.4 ஆல் இன்னும் சுருங்கி 0.8 மி.மீ. ஆகிவிடும். உங்கள் பக்கத்திலிருந்து அதை மறுபடி ஏற்ற முடியாது.

அவருடைய கோடுகள் ByLayer ஆக இருந்தால், லேயர் பட்டியலில் அந்த எக்ஸ்ரெஃப் லேயரின் லைன்டைப்பை உங்கள் சொந்த CENTER ஆக மாற்றி, VISRETAIN 1 என்று வையுங்கள், மாற்றம் நிலைத்து நிற்கும். லைன்டைப் கோட்டுக்கே நேரடியாகக் கொடுக்கப்பட்டிருந்தால் இந்த வழி பலிக்காது. அப்போது அவரே தம் கோப்பில் acadiso.lin ஐ ஏற்றித் தர வேண்டும்.

வரைபலகை

பார்த்தேன் ஐயா. சில கோடுகள் ByLayer, அவை மாறிவிட்டன. பாதிக்கு மேல் நேரடியாக CENTER என்று கொடுக்கப்பட்டவை. பொறியாளருக்கு எழுதியிருக்கிறேன், அவருடைய மற்ற படங்களும் அதே டெம்ப்ளேட்டில் இருப்பதால் மாற்றத் தயங்குகிறார். அவர் பதில் வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.